இரண்டு பதிலும் ஒரே பேனாவில்

கோவைப் பக்கம் எம்.பி.ஏ. படித்தவர் வீட்டில் தேடினால் ஏதாவது ஒரு பரணில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ப்ராஜெக்ட் புத்தகம் ஒன்று அகப்படும். தலைப்புக்கூட ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: கோவை மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் பணியாளர்களின் பணித் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு. நூற்பாலைக்குப் பதிலாக மோட்டார் பம்ப் கம்பெனியோ, ஃபவுண்டரியோ, திருப்பூர் பனியன் கம்பெனியோ வரலாம். உள்ளே நூறு, நூற்றைம்பது பேரிடம் நிரப்பி வாங்கிய வினாத்தாளின் கணக்கு இருக்கும். ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ வரை ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். மேற்பார்வையாளர் எப்படி நடத்துகிறார் என்று ஐந்தாறு கேள்வி, வேலையில் மனநிறைவு எப்படி என்று ஐந்தாறு கேள்வி. கடைசி அத்தியாயத்தில் முடிவு வந்துவிடும்: இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு உண்டு. ஆகவே மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

முடிவு நியாயமாகத்தான் தெரிகிறது. நன்றாக நடத்துகிற மேஸ்திரியிடம் வேலை பார்ப்பவருக்கு மனம் நிறைவாகத்தான் இருக்கும். இந்த நியாயமே நம்மை ஏமாற்றவும் செய்யும். காரணம் என்று சொல்லப்படுகிற மேஸ்திரியின் நடத்தைக்கும், விளைவு என்று சொல்லப்படுகிற மனநிறைவுக்கும் மதிப்பெண் போட்டவர் ஒரே ஆள். ஒரே தாளில், ஒரே உட்காரலில், ஒரே மனநிலையில் போட்டிருக்கிறார். இரண்டு வரிசை எண்கள் ஒத்துப்போவது மேஸ்திரியும் மனநிறைவும் ஒத்துப்போவதாலா, போட்ட கை ஒன்று என்பதாலா? ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சிக்கலைப் பொதுமுறைச் சாய்வு என்கிறார்கள்.

ஒரு பஞ்சு மில் கேன்டீனை எண்ணிக்கொள்ளுங்கள். மதிய ஷிப்ட் முடியும் நேரம். ஸ்பின்னிங் பகுதியில் சைடராக இருக்கும் ஓர் அம்மா, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து உட்காருகிறார். எதிரே கல்லூரிப் பெண் ஒருத்தி அட்டையில் தாளைச் செருகி வைத்திருக்கிறாள். “ஏனுங்கக்கா, உங்க மேஸ்திரி நீங்க சொல்றத காது குடுத்துக் கேப்பாருங்களா?” என்கிறாள். “நல்ல மனுசன் கண்ணு. நாலு போட்டுக்கோ” என்கிறார் அவர். அடுத்த கேள்வி, அதற்கடுத்தது, எல்லாவற்றுக்கும் நாலு. எட்டாவது கேள்வி வரும்போது பஸ் நினைப்பு வந்துவிடுகிறது. “எல்லாம் நல்லாத்தான் இருக்குது, மிச்சத்த நீயே பாத்துப் போட்டுக்கோ கண்ணு.”

இந்த ஒரு காட்சிக்குள் கோளாறு வரும் வழிகள் பலவும் இருக்கின்றன. முதலாவது அந்த அம்மாவின் கைப்பழக்கம். சிலருக்கு எதைக் கேட்டாலும் நாலுக்குக் கீழே இறங்க மனம் வராது. கொங்கு நாட்டு மரியாதைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வெளியாளிடம் நம் மில்லைக் குறைத்துப் பேசக்கூடாது, கேட்கிற பிள்ளையின் மனம் நோகக்கூடாது. இன்னும் சிலர் எதையும் மூன்றுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். இரண்டாவது, முதலில் சொன்னதோடு பின்னால் சொல்வது முரண்படக்கூடாது என்ற எண்ணம். மேஸ்திரியை நல்லவர் என்று சொல்லிவிட்டு வேலை பிடிக்கவில்லை என்றால் சொன்னவருக்கே அது ஒட்டாமல் தெரியும். மூன்றாவது, போனஸ் கைக்கு வந்த வாரமா, மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரமா என்ற அன்றைய மனநிலை. நான்காவது, பக்கத்து மேசையில் பெர்சனல் ஆபீசர் உட்கார்ந்திருக்கிறாரா என்பது. இவற்றில் எதுவுமே மேஸ்திரியைப் பற்றியதும் இல்லை, மனநிறைவைப் பற்றியதும் இல்லை. ஆனாலும் இரண்டு வரிசை எண்களையும் சேர்த்து மேலே தூக்கும், இல்லையென்றால் சேர்த்துக் கீழே இறக்கும்.

எல்லோருமே கூட்டிப் போட்டால் எல்லா எண்ணும் ஒரே அளவு ஏறும். அதில் எப்படிப் போலியான தொடர்பு வரும் என்று கேட்கலாம். சரியான கேள்வி, எல்லோரும் ஒரே அளவு கூட்டினால் வரவே வராது. ஆளுக்கு ஆள் வேறுபடுவதில்தான் விஷயம் இருக்கிறது. சிங்காநல்லூர் உழவர் சந்தையில் கடைக்குக் கடை தராசு கொஞ்சம் கொஞ்சம் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கூட்டிக் காட்டுகிறது, இன்னொன்று குறைத்துக் காட்டுகிறது. ஒவ்வொரு கடையிலும் ஒரு வெங்காயத்தையும் ஒரு தக்காளியையும் எடுத்து நிறுத்து எழுதினால், கூட்டிக் காட்டும் கடையில் இரண்டுமே கனமாக இருக்கும், குறைத்துக் காட்டும் கடையில் இரண்டுமே இலேசாக இருக்கும். பட்டியலைப் பார்க்கிறவருக்கு, வெங்காயம் கனத்தால் தக்காளியும் கனக்கும் என்று ஒரு விதி இருப்பதாகத் தோன்றும். வினாத்தாளில் ஒவ்வொரு ஆளும் ஒரு தராசு.

இந்தச் சந்தேகம் பழையது. 1920-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். அறிவு, உடற்கட்டு, தலைமைப் பண்பு, நடத்தை என்று தனித்தனியாகப் போடச் சொல்லியிருந்தும், எல்லாமே ஒன்றோடொன்று மிதமிஞ்சி ஒத்துப்போயின. உடற்கட்டுக்கும் அறிவுக்கும் நிஜ உலகில் அவ்வளவு நெருக்கம் கிடையாது. அதிகாரியின் மனதில் அந்த ஆளைப் பற்றி மொத்தமாக ஒரு நல்லெண்ணமோ கெட்ட எண்ணமோ இருந்தது, அதுதான் எல்லாக் கட்டங்களிலும் வழிந்திருந்தது. 1959-இல் டொனால்ட் கேம்ப்பெல், டொனால்ட் ஃபிஸ்க் என்ற இருவர் இதை ஒரு முறையாகவே ஆக்கினார்கள். எந்த அளவீட்டிலும் அளக்கப்படும் பொருளின் சுவடு இருக்கும், அளந்த விதத்தின் சுவடும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் குறைந்தது இரண்டு பண்புகளை, குறைந்தது இரண்டு விதங்களில் அளந்தாக வேண்டும் என்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1975-இல் பேரி ஸ்டா என்பவர் செய்தது. மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒரு கம்பெனியின் நிதிக் கணக்கைக் கொடுத்து, அதன் வருங்கால விற்பனையையும் பங்குக்கான வருமானத்தையும் கணிக்கச் சொன்னார். முடிந்ததும் சில குழுக்களிடம் ‘பிரமாதமாகச் செய்தீர்கள்’ என்றும், சில குழுக்களிடம் ‘சரியாக வரவில்லை’ என்றும் சொன்னார். உண்மையில் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதற்கும் இந்தப் பாராட்டுக்கும் சம்பந்தமே இல்லை, யாருக்கு எது என்பது குலுக்கல் முறைதான். அதன்பிறகு, உங்கள் குழுவில் ஒற்றுமை எப்படி, பேச்சுப் பரிமாற்றம் எப்படி, ஊக்கம் எப்படி என்று வினாத்தாள் கொடுத்தார். நன்றாகச் செய்ததாகச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் குழுவில் ஒற்றுமையும் ஊக்கமும் கூடுதலாக இருந்ததாக எழுதினார்கள். இந்தத் தாள்களை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்திருந்தால், ஒற்றுமையால் வெற்றி வந்தது என்று கட்டுரை எழுதியிருப்பார். நடந்ததோ தலைகீழ். வெற்றி என்று காதில் விழுந்த செய்திதான் ஒற்றுமையை ‘உண்டாக்கி’ இருக்கிறது. கைப்பழக்கத்தைவிட இது ஆழமான கோளாறு. எதனால் எது வரும் என்று நம் எல்லோர் மனதிலும் ஒரு கதை தயாராக இருக்கிறது, விடுபட்ட இடங்களை அந்தக் கதையைக் கொண்டுதான் நிரப்புகிறோம். நல்ல மேஸ்திரி என்றால் நல்ல வேலை என்பதும் அப்படி ஒரு கதை. ஆராய்ச்சியாளர் சோதிக்க வந்த கோட்பாடு பதில் சொல்கிறவர் மனதிலும் ஏற்கெனவே இருந்தால், வினாத்தாள் அந்தக் கோட்பாட்டைத்தான் திருப்பித் தரும்.

இது எவ்வளவு பெரிய கோளாறு என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1987-இல் ஜோசப் கோட், ரொனால்ட் பக்லி என்ற இருவர், கேம்ப்பெல்–ஃபிஸ்க் முறையில் செய்யப்பட்ட 70 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, மதிப்பெண்களின் ஏற்றத்தாழ்வில் எது எவ்வளவு என்று பிரித்தார்கள். சராசரியாக, 100 பங்கில் 42 பங்குதான் அளக்க நினைத்த பொருளிலிருந்து வந்தது. 26 பங்கு அளந்த விதத்திலிருந்து வந்தது. மீதி 32 பங்கு தற்செயல். துறைக்குத் துறை இது மாறும், ஆனால் கணக்குப் போட இந்தச் சராசரி போதும்.

மேஸ்திரியின் நடத்தைக்கும் மனநிறைவுக்கும் நிஜத்தில் தொடர்பே இல்லை, பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தற்செயல் பங்குக்கு ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. ஆனால் அளந்த விதத்தின் 26 பங்கு இரண்டு மதிப்பெண்ணிலும் பொதுவாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கணினி 0.26 என்று ஒட்டுறவு எண் காட்டும். 150 பேர் கொண்ட ஆய்வில் 0.21-ஐத் தாண்டினாலே, நூற்றுக்கு ஒரு தடவைகூடத் தற்செயலாக வராத தொடர்பு என்று எஸ்.பி.எஸ்.எஸ். அதன் தலையில் இரண்டு நட்சத்திரம் குத்திவிடும். நட்சத்திரம் பொய் சொல்லவில்லை. தற்செயல் இல்லை என்பது உண்மைதான். மேஸ்திரியா, பேனாவா என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

ஒரு கேள்விக்குப் பதிலாக ஐந்து கேள்வி கேட்டுச் சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஒவ்வொரு கேள்விக்கும் மேலே சொன்ன பங்கீடே பொருந்தும் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஐந்தைச் சேர்க்கும்போது தற்செயல் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். கைப்பழக்கம் ஐந்திலும் ஒன்றேதான், அது குறையாது. ஆகவே போலித் தொடர்பு 0.26-இலிருந்து 0.35-க்கு ஏறிவிடும். இதில் வேடிக்கை, வினாத்தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் ஆல்ஃபா என்ற எண் அப்போது 0.91 வரும். 0.70 வந்தாலே போதும் என்று கற்றுக்கொடுக்கப்பட்ட மாணவர் 0.91-ஐப் பார்த்துப் பூரித்துப்போவார். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதுதான் ஆல்ஃபாவுக்குத் தெரியும். ஏன் ஒத்துப்போகின்றன என்பது அதற்கும் தெரியாது.

இந்தக் கணக்கையே இன்னும் கொஞ்சம் நீட்டினால், பலரும் கவனிக்காத ஒன்று வெளியே வருகிறது. மறுபடி ஒற்றைக் கேள்விக்கே வருவோம். நிஜத் தொடர்பு 0.2 என்றால் வினாத்தாளில் 0.34 என்று தெரியும். 0.5 என்றால் 0.47 என்று தெரியும். 0.9 என்றால் 0.64 என்றுதான் தெரியும். அதாவது தொடர்பு பலவீனமாக இருக்கும்போது ஊதிக் காட்டுகிறது, பலமாக இருக்கும்போது குறைத்துக் காட்டுகிறது, நடுவில் எங்கோ 0.45 பக்கம் இரண்டும் சமனாகிவிடுகிறது. தற்செயல் பிழை எப்போதும் உறவைக் கீழே இழுக்கும், ஒரே கை எப்போதும் மேலே தள்ளும், எது ஜெயிக்கிறது என்பது நிஜத்தைப் பொறுத்தது. ‘ஒரே வினாத்தாள் என்றால் எல்லாமே ஊதல்தான்’ என்று ஒரேயடியாகத் தள்ளுவதும் அதனால் தவறுதான். பால் ஸ்பெக்டர் 2006-இல் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பிலேயே, இது உண்மையா அல்லது ஊர்க்கதையா என்று கேட்டார். ஒரே தாளில் ஒரே ஆள் நிரப்பிய பல கேள்விகளுக்குள் ஒட்டுறவே இல்லாமல் போவது சாதாரணம், வினாத்தாள் என்ற காரணமே எல்லாவற்றையும் தூக்கிவிடும் என்றால் அது எப்படி நடக்கும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம். எவ்வளவு பேனா, எவ்வளவு மேஸ்திரி என்பதை ஒவ்வொரு ஆய்விலும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? பெரும்பாலான ஆய்வுகளில் ஹார்மன் சோதனை என்று ஒரு பத்தி இருக்கும். எல்லாக் கேள்விகளையும் மொத்தமாகக் காரணிப் பகுப்பாய்வில் போடுவார்கள். முதல் காரணி மொத்த ஏற்றத்தாழ்வில் பாதிக்கு மேல் விழுங்கினால் கோளாறு, இல்லையென்றால் ஆய்வு சுத்தம். 1986-இல் போட்சாகாஃப், ஆர்கன் இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது எங்கும் பரவிற்று. ஆறு தலைப்பு, தலைக்கு ஐந்து கேள்வி, ஆக 30 கேள்வி என்று வைத்து நம் கணக்கிலேயே சோதிப்போம். ஆறு தலைப்புக்கும் நிஜத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, எல்லாத் தொடர்பும் பேனாவின் வேலை. முதல் காரணி எவ்வளவு விழுங்கும்? 34 சதவீதம். கூடவே ஆறு காரணிகள் தனித்தனியாக, அழகாகப் பிரிந்தும் வரும். 34 என்பது 50-க்குக் கீழே, ஆகவே சுத்தம் என்று சான்றிதழ் கிடைத்துவிடும். முழுக்க முழுக்கப் போலியான முடிவுகளை வழியனுப்பி வைக்கிற சோதனை இது. இதைப் பரப்பிய போட்சாகாஃபே 2003-இல் மற்ற மூவரோடு சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரையில், இது கோளாறைச் சரிசெய்ய எந்த வகையிலும் உதவாது என்று சொல்லிவிட்டார். இருபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பத்தி ஆய்வேடுகளை விட்டுப் போகவில்லை. ஒரே க்ளிக்கில் முடிகிற வேலை, எப்போதும் பாஸ் போடுகிறது, யார் விடுவார்கள்?

இதைவிட எளிய, கண்ணால் பார்க்கக்கூடிய அறிகுறிகள் உண்டு. ‘மேஸ்திரி என் பேச்சைக் கேட்பார்’ என்று ஒரு கேள்வி வைத்தால், பத்துக் கேள்வி தள்ளி ‘மேஸ்திரி என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை’ என்று இன்னொன்று வைக்க வேண்டும். இரண்டுக்கும் நாலு போட்ட தாள்கள் எத்தனை என்று எண்ணினால், வாசிக்காமல் போட்டவர்கள் எவ்வளவு என்று ஓரளவு தெரியும். யார் நிரப்பினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைக்குக் கோவை, திருப்பூர் மில்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ் வினாத்தாள் அவர்களுக்கு உதவாது. அரைகுறை இந்தியில் கேட்டு, கேட்கிற மாணவரே கட்டத்தை நிரப்புவார். அப்போது பேனா பதில் சொல்கிறவருடையது இல்லை, மாணவருடையது. இரண்டு மாணவர்கள் பிரித்துக்கொண்டு போயிருந்தால், ஒருவர் வாங்கிவந்த தாள்களின் சராசரியையும் மற்றவருடையதையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். எல்லாத் தலைப்பிலும் ஒரே பக்கம் வித்தியாசம் தெரிந்தால், அது தொழிலாளியின் கருத்து இல்லை என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது வழி, சம்பந்தமே இல்லாத ஒன்றையும் நடுவில் கேட்டுவைப்பது. எனக்கு நீல நிறம் பிடிக்கும் என்பதுபோல, மேஸ்திரிக்கும் வேலைக்கும் எந்த வகையிலும் ஒட்டாத கேள்விகள். அவற்றுக்கும் மற்றவற்றுக்கும் 0.15 ஒட்டுறவு வந்தால், அது சும்மா தலையாட்டியதன் அளவு என்று எடுத்துக்கொண்டு கழிக்கலாம். லிண்டெல், விட்னி இருவரும் 2001-இல் சொன்ன சூத்திரப்படி, 0.35-இலிருந்து 0.15-ஐக் கழித்து 0.85-ஆல் வகுத்தால் 0.24 மிஞ்சும். தலையாட்டும் பழக்கத்தை இது பிடிக்கும். ஸ்டா காட்டிய கோளாறை, அதாவது மனதில் இருக்கும் கதையை, இதனால் பிடிக்க முடியாது. நீல நிறத்தைப் பற்றி யாருக்கும் கதை இல்லையே.

ஆகவே கணினியில் உட்கார்ந்து பின்னால் சரிசெய்வதைவிட, முன்னாலேயே இரண்டு கைகளிடமிருந்து வாங்குவது மேல். கோவைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வினாத்தாளே இல்லாமல் மில்லை அளக்கும் பழக்கம் இங்கே ஊறிப்போனது. 1956-இல் இங்கே தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா, மில்களை ஒன்றோடொன்று ஒப்பிட எண்களைத்தான் கேட்கும். 40-ஆம் கவுண்டுக்கு மாற்றிப் பார்த்தால் 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்–மணி ஆயிற்று, ஒரு கதிருக்கு எட்டு மணி நேரத்தில் எத்தனை கிராம், நூறு கதிர்–மணிக்கு எத்தனை இழை அறுந்தது என்று கணக்கு வரும். மில்லுக்குள் வந்தால், ரிங் பிரேமின் ஓரத்தில் ஹேங்க் மீட்டர் இருக்கிறது. 840 கெஜம் ஒரு ஹேங்க். ஷிப்ட் முடிவில் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். யாருடைய மனநிலையும் அதில் ஒட்டுவதில்லை. வருகைக்கு மஸ்டர் ரோல் இருக்கிறது. மேஸ்திரி எப்படி என்பதைத் தொழிலாளியிடம் கேட்டுவிட்டு, விளைவைப் பதிவேட்டிலிருந்து எடுத்தால் பேனா இரண்டாகிவிடும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. நிஜத் தொடர்பு 0.5, இரண்டு பக்கமும் பொருளின் பங்கு அதே 42 என்றால், இரண்டு கைகளிலிருந்து வரும் ஒட்டுறவு 0.21-தான். பொதுவான கை இல்லை, இரண்டு பக்கத்துத் தற்செயலும் அப்படியே இருக்கிறது. பதிவேடும் கறை இல்லாத கண்ணாடி அல்ல. இழை அறுவதற்குப் பஞ்சுக் கலவை காரணமாக இருக்கலாம், அன்றைய ஈரப்பதம் காரணமாக இருக்கலாம், பழைய மெஷின் கிடைத்திருக்கலாம். மேஸ்திரிக்கு அதில் ஒரு பங்குதான். பாதி அளவுக்கு உண்மையான உறவு, 0.21 என்று மெலிந்து வரும்போது மாணவர் சோர்ந்துபோகிறார். ஒரே வினாத்தாளில் வாங்கிய பக்கத்து இருக்கைக்காரருக்கு 0.47 வந்திருக்கிறது. இருவரும் ஒரே உண்மையைத்தான் தொட்டிருக்கிறார்கள், ஆனால் பாராட்டு யாருக்குக் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கோளாறு இவ்வளவு காலம் ஒழியாமல் இருப்பதற்கு அறியாமையைவிட இதுவே பெரிய காரணம் என்பேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஹேங்க் பதிவேட்டோடு சேர்க்க வேண்டுமானால் வினாத்தாளில் டோக்கன் நம்பர் கேட்க வேண்டும். நம்பர் எழுதச் சொன்ன நொடியில் எல்லா மேஸ்திரிகளும் உத்தமர்களாகிவிடுவார்கள். அதோடு, மனநிறைவு என்பதை எந்த மீட்டரும் காட்டாது. அவரவர் வாயால்தான் வரவேண்டும்.

இரண்டையும் சமாளிக்கும் ஒரு வழி, எனக்குத் தெரிந்த வழிகளில் அழகானது, குழுவைப் பாதியாகப் பிரிப்பது. ஒரு மேஸ்திரிக்குக் கீழே பத்துப் பேர் என்றால், ஐந்து பேரிடம் மேஸ்திரியைப் பற்றி மட்டும் கேளுங்கள், மற்ற ஐந்து பேரிடம் அவர்களுடைய மனநிறைவை மட்டும் கேளுங்கள். யாருக்கு எந்தத் தாள் என்பதைக் குலுக்கிப் போடுங்கள். பெயர் வேண்டாம், டோக்கன் வேண்டாம், எந்த மேஸ்திரியின் குழு என்பது மட்டும் தாளில் இருந்தால் போதும். பிறகு ஆளை விட்டுவிட்டு மேஸ்திரியை ஓர் அலகாக எடுத்து, முதல் ஐந்து பேரின் சராசரியையும் அடுத்த ஐந்து பேரின் சராசரியையும் ஒப்பிட வேண்டும். எந்தத் தனிக் கையும் இரண்டு பக்கமும் இல்லை. ‘நல்ல மேஸ்திரி, நல்ல வேலை’ என்ற கதையும் இரண்டு தாளுக்கு நடுவே பாலம் போட முடியாது, ஏனென்றால் மனநிறைவைச் சொன்னவர் மேஸ்திரிக்கு மதிப்பெண் போடவே இல்லை. இதன்பிறகும் தொடர்பு தென்பட்டால் அதைத் தைரியமாக நம்பத் தொடங்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: முந்தின நாள் அந்தக் குழுவுக்கு மட்டும் ஓவர்டைம் கூலி பிடிக்கப்பட்டிருந்தால் பத்துப் பேரும் சேர்ந்தே கோபமாக இருப்பார்கள், அந்தக் கோபம் இரண்டு தாளிலும் இறங்கும். இரண்டு தாளையும் வேறு வேறு வாரங்களில் கொடுத்தால் அதுவும் பெருமளவு குறையும்.

இதற்கு ஆட்களைவிட மேஸ்திரிகள்தான் அதிகம் வேண்டும். 36 மேஸ்திரிகள் இருந்தால், 0.33-ஐத் தாண்டும் ஒட்டுறவுதான் ஒற்றை நட்சத்திரமாவது வாங்கும். ஒரு மில்லின் மூன்று ஷிப்டையும் சேர்த்தால் ஒன்பது மேஸ்திரி என்று வைத்துக்கொண்டால் நான்கு மில் தேவைப்படும். ஒரு மாணவரின் ப்ராஜெக்ட் காலத்தில் இது முடியாது. ஆனால் ஒரே வகுப்பில் நாலு பேர், ஆளுக்கொரு மில்லுக்கு, ஆளுக்கொரு வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு எப்படியும் போகத்தான் போகிறார்கள். நால்வரும் ஒரே தாளைப் பாதியாக வெட்டி எடுத்துப் போனால் போதும். ஒரு புத்தகத்தில் நாலு பேர் கையெழுத்துப் போட முடியாது என்று கல்லூரி விதி சொல்லும். தரவு பொது, எழுத்து அவரவருடையது என்று துறைத் தலைவர் ஒருவர் ஒத்துக்கொண்டால் அடுத்த டிசம்பரிலேயே செய்து பார்த்துவிடலாம்.